மாமா, சப்ளையர் மெயிலைத் திருத்திட்டேன்

மாமா, உடைஞ்சு வந்த குத்துவிளக்கு பத்தி சென்னை சப்ளையருக்கு அனுப்ப நீங்க எழுதின மெயிலை ரெண்டு தடவ படிச்சேன். எழுத்துப்பிழைய விட கணக்குதான் முக்கியம், 18 விளக்கு, ஒண்ணு 850னா 15,300 வரணும், நீங்க 13,500னு போட்டிருக்கீங்க, அப்படியே போயிருந்தா 1,800 நஷ்டம். அப்புறம் தொகைக்கு முன்னாடி வெறும் R போட்டிருக்கீங்க, நம்ம டர்பன்ல அது ராண்ட், சென்னைல படிக்கிறவங்க ரூபாய்னுதான் நினைப்பாங்க, பில்லு ரூபாய்லதான இருக்கு, அதனால இந்திய ரூபாய்னே எழுதிட்டேன்.

"குத்துவிலக்கு" இல்ல மாமா, குத்துவிளக்கு, ள. நாலு இடத்துல இருந்துச்சு. "சேதாரம்"னா எனக்கு நகைக்கடை ஞாபகம்தான் வருது, சேதம்னு மாத்திட்டேன்.

"கப்பல்ல உடைஞ்சிருக்கும் போல"ங்கிற வரிய எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. நாமளே அப்படிச் சொன்னா அவங்க கப்பல் கம்பெனிகிட்ட கேளுங்கன்னு கைய விரிச்சிருவாங்க. நீங்க அனுப்புன போட்டோல வெளிப்பெட்டி ஒரு நசுங்கல் இல்லாம இருக்கு, உள்ள பாத்தா ஒத்த நியூஸ் பேப்பர்தான் சுத்தியிருக்கு, ஒரு அன்னத்தோட அலகு முறிஞ்சு அந்தப் பேப்பர்லயே கிடக்கு. அதுதான் நம்ம பலம், அத நல்லா சொல்லியிருக்கேன். "எல்லாம் போச்சு"ன்னும் வேணாம், 60ல 42 நல்லாத்தான இருக்கு.

பணமா மாத்து விளக்கான்னு ரெண்டும் கேட்டிருந்தீங்க. இனி கப்பல்ல வந்தா தீபாவளிக்குச் சேராது, அதான் பணம் மட்டும் வச்சிருக்கேன். இதை அப்படியே அனுப்பலாம்:

"பொருள்: பில் எண் 417 – சேதமான 18 குத்துவிளக்குகளுக்குப் பணம் திருப்பித் தருவது பற்றி

ஐயா, வணக்கம்.

பில் எண் 417-இல் நீங்கள் அனுப்பிய 60 பித்தளைக் குத்துவிளக்குகள் (5 பெட்டிகள்) செப்டம்பர் 12 அன்று எங்கள் கடைக்கு வந்தன. அன்றே பிரித்துப் பார்த்ததில் 3 பெட்டிகளில் 18 விளக்குகள் சேதமாகியிருந்தன. 11 விளக்குகளில் அன்னம் உடைந்துள்ளது, 7 விளக்குகளில் தண்டு வளைந்துள்ளது.

வெளிப்பெட்டிகளில் நசுங்கலோ ஈரமோ இல்லை. உள்ளே ஒவ்வொரு விளக்கையும் ஒரு செய்தித்தாளில் மட்டும் சுற்றியிருந்தார்கள், இடையில் அட்டையோ பஞ்சோ இல்லை. எனவே பேக்கிங் குறையால்தான் சேதம் ஏற்பட்டது என்று கருதுகிறோம். 22 படங்களையும் பில் நகலையும் இணைத்துள்ளேன்.

ஒரு விளக்கு 850 வீதம் 18 விளக்குகளுக்கு 15,300 இந்திய ரூபாயைச் செப்டம்பர் 30-க்குள் எங்கள் வங்கிக் கணக்கிற்குத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சேதமான விளக்குகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம், உங்கள் பதில் வரும் வரை அப்புறப்படுத்த மாட்டோம்.

நன்றி.
பூஜை சாமான் கடை, சாட்ஸ்வர்த், டர்பன்"

அனுப்புறதுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் ஏறிடுச்சான்னு பாத்துக்கோங்க மாமா, போன தடவ ஒண்ணும் இணைக்காமலே போயிருச்சு. அந்த அலகு முறிஞ்ச போட்டோவ முதல்ல வைங்க.