பொருள்: சர்வே எண் எல்லை அடுக்கு தென்மேற்காக 5 முதல் 12 மீட்டர் வரை விலகியிருக்கிறது (லால்குடி வட்டம், ஏப்ரல் பதிப்பு)

தரவு வெளியீட்டுப் பிரிவினருக்கு வணக்கம்.

லால்குடி வட்டத்தில் பாசன வாய்க்கால் புனரமைப்புக்கான வரைபடங்களைத் தயாரிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். நீங்கள் ஏப்ரலில் வெளியிட்ட சர்வே எண் எல்லை அடுக்கைச் சென்ற வாரம் இறக்கிப் பயன்படுத்தினோம். அதில் ஆறு மீட்டர் அகல வாய்க்கால் ஒன்று பக்கத்துப் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. வரைபடத்தைப் பார்த்த விவசாயி, "என் வரப்பு எப்போது அரசு வாய்க்காலானது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல்தான் களத்துக்குப் போனோம்.

நான்கு எல்லைக் கற்களில் ஆர்டிகே கருவி வைத்து அளந்தோம். திருத்தத்துக்குக் கார்ஸ் சேவையைப் பயன்படுத்தினோம். கருவி காட்டிய துல்லியம் மூன்று சென்டிமீட்டருக்குள். நான்காவது கல் பிரண்டைக் கொடிக்கு அடியில் பாதி புதைந்திருந்தது. கொடியை விலக்கி, மேலே வெட்டியிருந்த குறி தெரிந்த பிறகே அளந்தோம். ஆகவே கல்லை மாற்றி அளந்திருப்போமோ என்ற ஐயம் வேண்டாம். கல்லின் வரிசை எண்ணை அடுத்து வரும் இரண்டு எண்களும் களத்தில் கிடைத்த அட்சரேகை, தீர்க்கரேகை. அடுத்த இரண்டும் உங்கள் அடுக்கில் உள்ளவை. கடைசி எண் மீட்டரில் விலகல்.

```
1  10.871283  78.816974   10.8712  78.8169   12.2
2  10.873541  78.820318   10.8735  78.8203    4.9
3  10.869867  78.822655   10.8698  78.8226    9.5
4  10.866109  78.818892   10.8661  78.8188   10.1
```

முதலில் டேட்டம் குழப்பம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழைய எவரெஸ்ட் நீள்கோளமும் WGS84-உம் கலந்திருந்தால் இந்தப் பகுதியில் விலகல் நூறு மீட்டரைத் தாண்டும். பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருக்கும். இங்கே கல்லுக்குக் கல் வேறுபடுகிறது, ஆனால் திசை மட்டும் மாறவில்லை: எல்லாம் தெற்கும் மேற்கும்தான்.

காரணம் அந்த எண்களிலேயே இருக்கிறது. உங்கள் அடுக்கில் நான்கு தசம இலக்கங்களுக்கு மேல் எதுவும் இல்லை, மீதியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். முழுமையாக்கியிருந்தால் 10.871283 என்பது 10.8713 ஆகியிருக்க வேண்டும், 10.8712 ஆகியிருக்கிறது. நான்காவது இலக்கத்தில் ஓர் அலகு இந்த அட்சரேகையில் ஏறக்குறைய 11 மீட்டர். வெட்டும்போது ஒவ்வோர் எண்ணும் குறையத்தான் செய்யும், அதிகமாகாது. அதனால்தான் அடுக்கு மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்ததுபோலத் தெரிகிறது. நாங்கள் இறக்கிய கிராமத்தின் எல்லா முனைகளிலும் இதைச் சோதித்தேன்:

```
SELECT count(*) FROM (
  SELECT (ST_DumpPoints(geom)).geom AS p FROM survey_no
) t
WHERE abs(ST_X(p)*1e4 - round(ST_X(p)*1e4)) > 1e-6
   OR abs(ST_Y(p)*1e4 - round(ST_Y(p)*1e4)) > 1e-6;
```

விடை 0. எங்களிடமிருந்த உங்கள் முந்தைய பதிப்பில் ஆறு இலக்கங்கள் இருக்கின்றன. அதில் இதே நான்கு கற்களும் அரை மீட்டருக்குள் பொருந்துகின்றன. ஆகவே மூல அளவீட்டில் பிழை இல்லை, வெளியீட்டின்போதுதான் நேர்ந்திருக்கிறது. ogr2ogr கருவியின் COORDINATE_PRECISION எண்ணை முழுமையாக்கும், வெட்டாது. எனவே அதை விட, எண்ணை எழுத்துச் சரமாக எடுத்து நறுக்கும் ஏதாவது ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது என் ஊகம்தான்.

உங்கள் தரச் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்றும் புரிகிறது. அடுத்தடுத்த நிலங்கள் ஒரே முனையைப் பகிர்வதால் இரண்டிலும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு, இடைவெளியோ மேற்படிதலோ பெரும்பாலும் தெரிவதில்லை. அகலம் குறைந்த வாய்க்கால்களில்தான் குட்டு வெளிப்படுகிறது: சில இடங்களில் இரு கரைகளும் ஒரே புள்ளிக்கு வந்து, வாய்க்கால் வெறும் கோடாகிவிடுகிறது. அத்தகைய இடங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். ஆர்டிகே பதிவுகளும் முந்தைய பதிப்பின் அதே பகுதியும் கூடவே இருக்கின்றன.

ஏழு இலக்கங்களுடன் புதிய பதிப்பை வெளியிட்டு, அதற்குத் தனிப் பதிப்பு எண் கொடுங்கள். அதுவரை ஏப்ரல் கோப்பை இறக்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை வரி போட்டுவிட்டால் நல்லது. வரைபடத்தைக் காட்டி வரப்பு வெட்டும் ஊர் இது. வட்டத்தின் மற்றக் கிராமங்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் தெரிவியுங்கள். எங்களிடம் இருப்பது ஒரு கிராமம்தான். மறுபடி அளக்க வேண்டுமானால் கருவி இந்த மாத இறுதி வரை எங்கள் கையில் இருக்கிறது. கற்கள் இருக்கும் இடத்துக்கு உங்கள் அலுவலரை நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
செல்வி
வரைபடப் பொறுப்பாளர், வாய்க்கால் புனரமைப்புக் குழு

இணைப்புகள்: ஆர்டிகே பதிவுக் கோப்பு, நான்கு கற்களின் புகைப்படங்கள், இரு பதிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த மூன்று படங்கள், முந்தைய பதிப்பின் பகுதி