வட்டக்கச்சி வீட்டு மின் பட்டியல்: மீற்றரைச் சோதித்துத் திருத்திய பட்டியல் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
திருமதி பரமேஸ்வரி சண்முகம்
(ஓய்வுபெற்ற ஆசிரியை)
வட்டக்கச்சி, கிளிநொச்சி

2025.11.10

பெறுநர்:
பிரதேச மின் பொறியியலாளர் அவர்கள்

மின் கணக்கு இலக்கம்: 8140726309 (வீட்டுப் பாவனை)

ஐயா,

2025 செப்டெம்பர் 24 முதல் ஒக்டோபர் 24 வரையான 30 நாட்களுக்கு என் வீட்டுக்கு வந்த மின் பட்டியலில் 587 அலகு என்றும், கட்ட வேண்டியது 32,232 ரூபா 82 சதம் என்றும் உள்ளது. இந்தப் பட்டியலை நான் ஏற்கவில்லை. மீற்றரைச் சோதித்து, பிழை இருந்தால் அதை மாற்றி, திருத்திய பட்டியல் தருமாறு கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதற்கு முந்திய ஐந்து பட்டியல்களும் என்னிடம் உண்டு. மே 74, ஜூன் 81, ஜூலை 79, ஓகஸ்ட் 76, செப்டெம்பர் 80. சராசரி 78 அலகு. மாதம் சுமார் 1,500 ரூபா கட்டி வந்திருக்கிறேன், ஒரு மாதமும் நிலுவை வைத்ததில்லை. வீட்டில் நானும் மகளும் பேரனும் மூன்றே பேர். ஐந்து எல்ஈடி பல்ப், இரண்டு மின்விசிறி, ஒரு சிறிய பிரிஜ், ரீவி, ரைஸ் குக்கர், கேத்தில், கிணற்றில் அரைக் குதிரைவலு மோட்டர். இவ்வளவுதான். ஏசி கிடையாது. புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை, விருந்தாளிகள் வந்து தங்கவும் இல்லை.

மீற்றர் வாசிக்க வந்த தம்பியில் எனக்குக் குறையில்லை. அவர் எழுதியது சரியான இலக்கம்தான். செப்டெம்பர் 24 இல் 5,914, ஒக்டோபர் 24 இல் 6,501. பட்டியலைக் கண்டதும் நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன், மீற்றரில் அதற்கும் மேலேதான் ஓடியிருந்தது. ஆகவே வாசித்த பிழை அல்ல. ஓடிய இலக்கத்திலேதான் என் சந்தேகம்.

செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் பக்கத்தில் பெரிய இடிமின்னல். வளவு வேலியோரம் நின்ற பனையில் மின்னல் விழுந்து வட்டோடு எரிந்தது. அடுத்த வீட்டு ரீவி போய்விட்டது. எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மழை விட்டபின் மகள் அதைத் தூக்கிவிட்டாள், எல்லாம் வழமைபோல் எரிந்தது. அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால், கணக்கு பிசகியது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நவம்பர் 3 ஆம் திகதி அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பிரிஜ் கதவு சரியாப் பூட்டுப்படாமல் கிடந்திருக்கும் அம்மா, முதல்ல காசைக் கட்டிப்போட்டு எழுத்தில தாங்கோ" என்றார். கூட்டம் அதிகம், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டு அரைக் குதிரைவலு மோட்டரை இரவு பகலாக முப்பது நாளும் ஓட விட்டாலும் பட்டியலில் உள்ள 587 அலகு வராது. அதற்கு முன் கிணறு வற்றிவிடும், செப்டெம்பர் மாதத்தில் இங்கே கிணறுகளில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது தங்களுக்கும் தெரியும். பிரிஜ் கதவு எந்த மூலை?

வீட்டுக்கு வந்து, நவம்பர் 1 இலிருந்து கொப்பியில் குறித்து வந்த வாசிப்புகளைத் தொடர்ந்தேன். நவம்பர் 1 மாலை 6 மணிக்கு 6,666. நவம்பர் 8 மாலை 6 மணிக்கு 6,810. ஏழு நாளில் 144 அலகு. முன்பு நாங்கள் இரண்டு மாதத்தில்கூட இதைவிடக் கொஞ்சம்தான் கூடப் பாவித்தோம்.

அதற்குள் நவம்பர் 6 ஆம் திகதி இரவு ஒரு வேலை செய்தோம். பிரிஜ்ஜில் இருந்த மீன்குழம்பையும் பாலையும் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, 9 மணிக்கு மெயின் சுவிட்சை நிற்பாட்டினோம். அப்போது மீற்றர் 6,772. விளக்கு வைத்துக்கொண்டு படுத்து, விடிய 5 மணிக்குப் பார்த்தபோது 6,778. வீட்டில் ஒரு பல்ப்கூட எரியாத எட்டு மணி நேரத்தில் ஆறு அலகு ஓடியிருக்கிறது.

மீற்றரில் உள்ள சிறிய சிவப்பு விளக்கு, மெயின் நின்ற நிலையிலும் மூன்று விநாடிக்கு ஒருதடவை சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. முகப்பில் 1600 imp/kWh என்று போட்டிருக்கிறது, அதாவது 1,600 சிமிட்டுக்கு ஓர் அலகு. மூன்று விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,200 சிமிட்டு, முக்கால் அலகு. ஒரு நாளைக்கு 18 அலகு. செப்டெம்பர் 26 இலிருந்து ஒக்டோபர் 24 வரை 28 நாளுக்கு 504. இதோடு எங்கள் வழமையான 78 ஐக் கூட்டினால் 582. பட்டியலில் 587. கணக்குப் பாடம் நான் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவள், இவ்வளவு கிட்டப் பொருந்தும் கணக்கைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

சரி, மீற்றரில் இருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் வயரில் எங்காவது கசிவு இருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அதே கேள்வி எனக்கும் வந்தது. வயரிங் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்பித்தேன். அந்த வயர் இரண்டடி நீளம்கூட இல்லை, குழாய்க்குள் போகிறது, சூடும் இல்லை. மெயினை நிற்பாட்டிவிட்டு அவர் கிளாம்ப் மீற்றரை அந்த வயரில் கொழுவிப் பார்த்தார். மணிக்கு முக்கால் அலகு உண்மையில் ஓடினால் 230 வோல்டில் 3 அம்பியருக்கு மேல் காட்ட வேண்டும் என்றார். காட்டியது பூச்சியம். அந்த நேரமும் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. பேரன் இதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் செய்து பார்த்தார். கேத்திலில் 1500 வாட் என்று எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் நிற்பாட்டி, தண்ணீர் நிரப்பி நான்கு நிமிடம் மட்டும் போட்டால் 160 சிமிட்டு வர வேண்டும். எண்ணியது 239. மிச்சம் 79 உம் அந்த மூன்று விநாடிக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மீற்றரை அவரோ நாங்களோ தொடவில்லை. முத்திரைகள் இரண்டும் போட்டபடியே இருக்கின்றன. அதன் படத்தையும் இணைத்துள்ளேன், பின்னர் இதில் பேச்சு வரக்கூடாது என்பதற்காக.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலாவது, தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, மெயினை நிற்பாட்டிய நிலையில் மீற்றரைப் பார்வையிட வேண்டும். கால் மணி நேரம் போதும், பிழை கண்ணுக்கே தெரியும். அதோடு இதே இணைப்பில் ஒரு சோதனை மீற்றரைப் பொருத்தி ஒரு கிழமை இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் யாருக்கும் ஐயம் இராது. மீற்றரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புவதானால், கழற்றும்போது உள்ள வாசிப்பையும் முத்திரைகளின் நிலையையும் என் முன்னால் எழுதி ஒரு பிரதி தர வேண்டும். சோதனை அறிக்கை எழுத்தில் வரும்வரை அந்த மீற்றரை அழிக்கவோ வேறிடத்தில் பாவிக்கவோ கூடாது. சோதனைக்குக் கட்டணம் உண்டென்றால் கட்டுகிறேன், மீற்றர் பிழை என்று கண்டால் அதைத் திருப்பித் தர வேண்டும். மீற்றர் சரி என்று அறிக்கை வந்தால் முழுப் பட்டியலையும் கட்டுவது என் பொறுப்பு, அதில் மறுபேச்சு இல்லை.

அப்புறம், பட்டியல் திருத்தம். செப்டெம்பர் 26 இலிருந்து புது மீற்றர் போடும் நாள்வரை முந்திய ஐந்து மாதச் சராசரியான 78 அலகை வைத்துக் கணக்கிடுமாறு கேட்கிறேன். நவம்பர் 24 அளவில் அடுத்த வாசிப்பும் இதே மீற்றரில் வரப்போகிறது, அதுவும் இதற்குள் அடங்க வேண்டும். இதில் ஒரு விடயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருத்தும்போது இரண்டு மாத அலகுகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே மாதத்தில் போட்டுவிடக் கூடாது. எங்கள் கட்டண முறையில் அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும், மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறும், 180 அலகைத் தாண்டியதெல்லாம் ஆகக் கூடிய விலை. 32 ஆயிரத்தில் பெரும்பகுதி அந்த உச்சப் படியில்தான் ஏறியிருக்கிறது. இரண்டு 78 ஐ ஒன்றாக்கி 156 என்று போட்டால், பிழையைத் திருத்தியும் நான் மேல் படி விலையில் கட்ட வேண்டி வரும். ஆகவே மாதம் மாதமாகப் பிரித்தே கணக்கிடுங்கள்.

இடைக்காலத்தில் கட்டாமல் இருப்பது என் நோக்கம் அல்ல. வழமையான தொகையாக 1,500 ரூபாவை இன்று கட்டியுள்ளேன். அது பட்டியலை ஏற்றுக்கொண்டதாக ஆகாது, பிணக்கு இல்லாத பகுதிக்கான கொடுப்பனவு மட்டுமே. விடயம் முடியும்வரை மீதித் தொகைக்கு சிவப்பு அறிவித்தல் அனுப்புவதையும் இணைப்பைத் துண்டிப்பதையும் நிறுத்தி வைக்குமாறும், தாமதக் கட்டணம் சேர்க்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பேரனுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பு, இரவில் வெளிச்சம் தேவை. என் ஓய்வூதியத்தில் 32 ஆயிரத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க அலைய எனக்கு வசதியும் இல்லை, வயதும் இல்லை.

பரிசோதனைக்கு வரும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் நல்லது. பட்டியல் குறுஞ்செய்தி வரும் கைபேசி எண்ணே என்னுடையது. புதன்கிழமை காலை மட்டும் கிளினிக்குக்குப் போவேன், மற்ற நாள் எல்லாம் வீட்டில்தான். விறாந்தையில் மீற்றர் இருப்பதால், நான் இல்லாவிட்டாலும் மகள் காட்டுவாள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்வேன். இக்கடிதத்தின் பிரதி ஒன்றையும் அதற்காக எடுத்து வைத்துள்ளேன்.

இத்துடன் ஒக்டோபர் பட்டியலின் பிரதி, முந்திய ஐந்து பட்டியல்களின் பிரதிகள், இன்று கட்டிய 1,500 ரூபாவின் பற்றுச்சீட்டுப் பிரதி, மீற்றர் வாசிப்புக் கொப்பியின் இரண்டு பக்கங்கள், முத்திரைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வீடியோ பேரனின் கைபேசியில் உள்ளது, வருபவருக்குக் காட்டலாம். இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு என் பிரதியில் திகதியிட்டு முத்திரை குத்தித் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. சண்முகம்