பணியில் சேரும் தேதி உறுதி, ஆவணங்கள் இணைப்பு: ரா. கவிதா

மனிதவளப் பிரிவினருக்கு வணக்கம்.

பணி நியமனக் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. அதில் சொன்னபடி ஜூலை 14, திங்கட்கிழமை காலை 9.30 மணிக்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிடுகிறேன்.

நான் கையெழுத்திட்ட கடித நகல், பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், அடையாளச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், புகைப்படம் எல்லாம் இணைப்பில் உள்ளன. சரிபார்க்க வசதியாக, கோப்புகளுக்கு உங்கள் பட்டியலில் உள்ள வரிசை எண்களையே கொடுத்திருக்கிறேன்.

ரிலீவிங் லெட்டர் மட்டும் பாக்கி. இப்போதைய அலுவலகத்தில் கடைசி வேலை நாளான ஜூலை 11 மாலைதான் தருவார்கள். அதுவரைக்கும் அதற்குப் பதிலாக ராஜினாமா ஏற்புக் கடிதத்தை இணைப்பில் வைத்திருக்கிறேன். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்ததும் அன்றே அனுப்பிவிடுகிறேன். இது போதுமா என்று தெரிவியுங்கள்.

அப்புறம், முதல் நாளே அசல் சான்றிதழ்களையும் கொண்டுவர வேண்டுமா? உங்களோடு வேலை செய்ய மிகுந்த ஆவலோடு இருக்கிறேன்.

நன்றியுடன்,
ரா. கவிதா