உங்கள் சேமிப்புக் கோப்பு: எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது

அண்ணாச்சி, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும் வரை ஆற்றங்கரை விளையாட்டைத் திறக்க வேண்டாம். சேமிப்பு பழுதாகியிருந்தால் அந்த இடத்தில் புது ஊர் தொடங்கிவிடும், நமக்கு வேண்டிய ஒரு கோப்பும் அதோடு அழிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். மகளோடு உட்கார்ந்து விளையாட்டில் ஒன்பது வருஷத்து வெள்ளாமை பார்த்த ஊர், ஒரு மின்வெட்டில் போனது எங்கள் தவறு. பிசான அறுவடை முடிந்ததும் விளையாட்டு பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதுகிறது. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. அப்படிப் போனாலும் தாங்குகிற மாதிரி நாங்கள் எழுதியிருக்க வேண்டும். யூ.பி.எஸ். வாங்காமல் விட்டோமே என்று எழுதியிருந்தீர்கள், அந்த எண்ணமே வேண்டாம். கல்லிடைக்குறிச்சியில் மழைக்காலத்தில் கரண்ட் போவது எங்களுக்குத் தெரியாத விஷயமா? மன்னித்துக்கொள்ளுங்கள்.

`oor1.sav` கோப்பு 48 கே.பி. காட்டுகிறதே, உள்ளே ஏதாவது இருக்கும் அல்லவா என்று கேட்டீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், இல்லை. திறந்து பார்த்தால் முதலிலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்யம்தான். கோப்பின் பெயரையும் அளவையும் விண்டோஸ் தனியாகப் பதிந்து காப்பாற்றும். உள்ளே இருக்க வேண்டிய தகவல் வட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கரண்ட் போய்விட்டது. உங்களுடையது எஸ்.எஸ்.டி. என்பதால் அழிந்த பழைய பகுதியும் பெரும்பாலும் அப்போதே துடைக்கப்பட்டிருக்கும். மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளுக்குத் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

நல்ல செய்தி `oor1.bak`. ஒன்பதாம் வருஷம் பிசானம் தொடங்கும் அன்று எடுத்த நகல் அது. என் கணினியில் போட்டுப் பார்த்தேன், சுத்தமாகத் திறக்கிறது. கோடைமேலழகியானிலிருந்து மருதூர் வரை ஏழு அணைக்கட்டும், கன்னடியன் கால்வாயும், அந்த வருஷத்துக் கார் நெல்லும், மாடுகளும் அப்படியே இருக்கின்றன. போனது அந்த ஒரு பிசானப் பருவம். திருவைகுண்டம் அணைக்கட்டு அந்தப் பருவத்தில்தான் முடிந்தது என்பது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதில் கொஞ்சம் கையாலேயே மீட்க முடியும். விளையாட்டில் ஒவ்வொரு நாள் முடிவிலும் `log.txt` என்ற கோப்பில் கையிருப்புப் பணம், களஞ்சியத்து நெல், கட்டி முடித்த கட்டடம் ஆகியவை பதிவாகும். அது கிடைத்தால் இந்த மூன்றையும், எட்டாவது அணைக்கட்டு உட்பட, நகலில் நானே சேர்த்துத் தருகிறேன். எந்த வயலில் எந்த ரகம் நட்டீர்கள், புதிதாக எங்கே வரப்புப் போட்டீர்கள், பாலத்தருகே வைத்த பனங்கன்றுகள், இவை எதிலும் பதிவாகவில்லை. அவை திரும்பாது. அந்தப் பருவத்தில் பிறந்த இரண்டு கன்றுக்குட்டிகளுக்கு மகள் வைத்த பெயரை எழுதி அனுப்பினால் அதே பெயரில் சேர்த்துவிடுவேன்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் தேடலில் `cmd` என்று தட்டினால் வரும் கறுப்புத் திரையில் இதை ஒட்டுங்கள்:

```
cd /d "%APPDATA%\Aatrangarai\saves"
xcopy . "%USERPROFILE%\saves-copy" /I
```

பிறகு உங்கள் பயனர் கோப்புறையில் `saves-copy` என்று ஒன்று இருக்கும். அதிலுள்ள `log.txt` மட்டும் எனக்குப் போதும், இதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் சரிசெய்த கோப்பு உங்களிடம் வந்துவிடும்.

அதுவரை பொறுக்க முடியாது, மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றால், நகல் எடுத்த பிறகு அதே திரையில் இந்த இரண்டு வரிகளை ஓட்டி இப்போதே ஆடத் தொடங்கலாம்:

```
ren oor1.sav oor1.broken
copy oor1.bak oor1.sav
```

ஆனால் ஒன்று. இப்படித் தொடங்கி ஆடுவதை நான் அனுப்பும் கோப்போடு பிறகு இணைக்க முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். என்னைக் கேட்டால் சனிக்கிழமை வரை காத்திருப்பது நல்லது. அணைக்கட்டு ஒன்றை மறுபடி கட்டுவது எவ்வளவு வேலை என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த பதிப்பான 1.4.2-இல் சேமிப்பு முதலில் தனிக் கோப்பில் எழுதப்படும். அது வட்டில் முழுசாக இறங்கிய பிறகே பழையதன் இடத்துக்கு வரும். நடுவில் கரண்ட் போனாலும் முந்தைய கோப்பு பத்திரமாக இருக்கும். கடைசி ஐந்து பருவங்களின் நகல்களும் தனித்தனியாக இருக்கும். சரிசெய்த கோப்போடு அந்தப் பதிப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன், அதை நிறுவிய பிறகு ஊரைத் திறங்கள்.

கறுப்புத் திரையில் ஏதாவது புரியாவிட்டால் உங்கள் நம்பரை எழுதுங்கள் அண்ணாச்சி. கடை அடைத்த பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஆற்றங்கரை விளையாட்டுக் குழு,
பாளையங்கோட்டை