உத்திரம் ஏன் I வடிவில் இருக்கிறது?
(கட்டமைப்பியல் வகுப்பு: ஸ்லைடில் இருப்பதும், நான் சொல்லப்போவதும்)

ஸ்லைடு 1: ஒரு ஸ்டீல் ஸ்கேல்
படம்: 30 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள ஸ்கேல், ஒரு முறை படுத்தும் ஒரு முறை நிமிர்ந்தும்.

சூத்திரத்துக்கு முன்னால் ஸ்கேலைக் கையில் எடுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போலப் படுக்க வைத்து விரலால் அழுத்தினால் தொய்கிறது. அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையக்கூட மாட்டேன் என்கிறது. அதே இரும்பு, அதே எடை. மாறியது இரும்பு இருக்கும் இடம் மட்டும்தான். இரண்டு நிலைக்கும் விறைப்பில் 900 மடங்கு வித்தியாசம். அந்த 900 எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய வகுப்பு.

ஸ்லைடு 2: தொய்வு
இரு முனையிலும் தாங்கப்பட்டு, நடுவில் P என்ற சுமை:

```
δ = P L³ / (48 E I)
```

L-க்கு மேலே இருக்கும் 3-ஐப் பாருங்கள். நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. சுமை உத்திரம் முழுக்கப் பரவியிருந்தால், மீட்டருக்கு இவ்வளவு என்ற அளவு மாறாதபோது, L⁴ வரும். அதாவது பதினாறு மடங்கு.

E என்பது பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு, பொருளைப் பொறுத்தது. எஃகுக்குச் சுமார் 200 GPa. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: "தொய்வு அதிகமா? இன்னும் வலுவான எஃகு போடுவோம்" என்பார்கள். வலுவான எஃகு தாமதமாக உடையும், சரி. ஆனால் E ஏறக்குறைய அதேதான், அதனால் தொய்வும் அதேதான். நம் கையில் மிச்சம் இருப்பது I.

ஸ்லைடு 3: I என்றால் என்ன

```
I = ∫ y² dA        செவ்வகம்: I = b d³ / 12
```

பெயர் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன். 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்றும் சொல்வார்கள். சுழலும் சக்கரத்துக்கு வருவது அதுவல்ல, இங்கே நிறையே கிடையாது. அலகு மி.மீ.⁴.

y ஏன் இருமடியாகிறது? உத்திரம் கீழ்நோக்கித் தொய்யும்போது மேல்பக்கம் சுருங்குகிறது, அடிப்பக்கம் நீள்கிறது. நடுவே நீளாமலும் சுருங்காமலும் இருப்பது நடுநிலை அச்சு. அதிலிருந்து y தூரத்தில் இருக்கும் இழை y-க்கு ஏற்ப நீள்கிறது, அந்த அளவுக்கு எதிர்த்து இழுக்கிறது. அது ஒரு y. அந்த இழுவைக்கு அச்சிலிருந்து கிடைக்கும் நெம்புகோல் நீளமும் y. இரண்டையும் பெருக்கினால் y². இரண்டு மடங்கு தள்ளி வைத்த இரும்பு நான்கு மடங்கு உழைக்கிறது.

செவ்வகத்தில் b அகலம், d உயரம். ஸ்கேல்: படுத்தால் 30 × 1³ / 12 = 2.5 மி.மீ.⁴. நின்றால் 1 × 30³ / 12 = 2250 மி.மீ.⁴. அந்த 900 இதுதான்.

ஸ்லைடு 4: ஒரே அளவு எஃகு, இரண்டு வடிவம்
I வடிவக் குறுக்குவெட்டு: மேலும் கீழும் படுத்த பட்டைகளான 100 × 10 ஃபிளாஞ்ச் இரண்டு, அவற்றை இணைக்கும் நிமிர்ந்த தகடான 180 × 6 வெப், மொத்த உயரம் 200 மி.மீ. பரப்பு 3080 மி.மீ.². அதே பரப்புள்ள திடச் சதுரக் கம்பி: பக்கம் 55.5 மி.மீ.

```
ஃபிளாஞ்ச்:  2 × [100×10³/12 + 1000×95²] = 18.07 × 10⁶
வெப்:       6 × 180³ / 12              =  2.92 × 10⁶
மொத்தம்:                                 20.98 × 10⁶ மி.மீ.⁴
சதுரம்:     3080² / 12                 =  0.79 × 10⁶ மி.மீ.⁴
```

95 என்பது ஃபிளாஞ்சின் மையம் அச்சிலிருந்து இருக்கும் தூரம். இணை அச்சுத் தேற்றத்தை இங்கே போட மறந்தால் கணக்கு மொத்தமும் போச்சு. விடைத்தாளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

4 மீ. நீளம், நடுவில் 5 kN, சொந்த எடையை விட்டுவிடுவோம். சதுரக் கம்பி 42 மி.மீ. தொய்கிறது, I வெட்டு 1.6 மி.மீ. நீளத்தில் 360-ல் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்பை எடுத்தால் 11 மி.மீ. வரை போகலாம். ஒன்று வெளியே, ஒன்று தாராளமாக உள்ளே.

ஃபிளாஞ்சில் இருப்பது எஃகில் 65 சதவீதம். I-க்கு அது தருவதோ 86 சதவீதம். அப்படியானால் வெப் எதற்கு என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வெப்பை எடுத்துவிட்டால் இரண்டு ஃபிளாஞ்சும் தனித்தனிப் பட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அவற்றை விலக்கிப் பிடித்து, வெட்டு விசையைச் சுமப்பது வெப்தான்.

ஸ்லைடு 5: இதே உத்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால்

```
Iy = 1.67 × 10⁶ மி.மீ.⁴
```

அதே சுமைக்குத் தொய்வு இப்போது 20 மி.மீ. முறுக்கினால் இன்னும் மோசம். அங்கே மூடிய குழாய்தான் கெட்டிக்காரன். சுமை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்த இடத்தில்தான் I வடிவம் சிக்கனம். வெப்பை மெல்லியதாக்கி உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, ஒரு கட்டத்தில் அது நெளிந்துவிடும். அழுத்தப்படும் ஃபிளாஞ்சைப் பக்கவாட்டில் பிடிக்காவிட்டால், உத்திரமே முறுக்கிக்கொண்டு சாய்ந்துவிடும். அந்தக் கணக்கு அடுத்த வகுப்பில். ஸ்கேலை மறக்காமல் கொண்டு வாருங்கள்.