இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: விமர்சனங்கள் என்ன சொல்கின்றன

அண்ணி, நீங்கள் அனுப்பிய 46 ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்துவிட்டேன். ஸ்க்ரோல் செய்துகொண்டே எடுத்ததால் பல விமர்சனங்கள் இரண்டு படத்தில் வந்திருக்கின்றன. அவற்றைக் கழித்தால் 61 பேர் எழுதியது. அதில் ஏழு பேர் வாங்கியது ஒன்றரை லிட்டர் மாடல். ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டேன். மீதி 54 பேர் சொன்னதுதான் கீழே இருப்பது.

முதலில் என் முடிவு: மெஷின் நல்ல மெஷின், ஆனால் ஆன்லைனில் வாங்க வேண்டாம். சர்வீஸ் பார்க்கிற உள்ளூர்க் கடையில் 300, 400 ரூபாய் கூடுதலாகச் சொன்னாலும் அங்கேயே வாங்குங்கள்.

பிடித்தவை

மாவைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. 31 பேர் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள். உளுந்து பொங்கி வருகிறது, மாவு சூடாகவில்லை, மிக்ஸியில் அரைத்த இட்லிக்கும் இதற்கும் ஒட்டே இல்லை என்கிறார்கள். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து ஒரு தடவைக்குச் சரியாக இருக்கிறதாம், உங்கள் வீட்டுக்கு அது தாராளம். கல்லையும் பாத்திரத்தையும் தனியாக எடுத்துச் சிங்க்கில் கழுவ முடிகிறது என்று 14 பேர். அத்தைக்கு முழங்கை வலி இருப்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். ஆனால் கல் ஈரமாக இருக்கும்போது வழுக்குகிறது, கனமாகவும் இருக்கிறது என்று இரண்டு வயதானவர்கள் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் புகார்

கசிவுதான் பெரிய பிரச்சினை. 11 பேர் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரத்தின் நடுவில் கம்பி நிற்கும் இடத்தில் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஒருவர் படமே போட்டிருக்கிறார் (உங்கள் 29-வது படம், பெரிதாக்கிப் பாருங்கள்): வெள்ளை உளுந்து மாவு, நடுக்கம்பியைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. கிரீஸ் மேலே ஏறி மாவில் கலந்திருக்கிறது. அந்த மாவைக் கொட்டத்தான் வேண்டும்.

இதில் தேதியைக் கவனிக்க வேண்டும். இந்த 11 பேரில் ஒன்பது பேர் வாங்கி ஏழெட்டு மாதம் கழித்து எழுதியவர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பெட்டி பிரித்த வாரத்திலேயே எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அதனால் மேலே தெரியும் 4.2 என்ற மதிப்பெண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

கசிவு வந்தவர்களில் ஐந்து பேருக்கு சர்வீஸும் கிடைக்கவில்லை. போன் செய்தால் புகார் எண் தருகிறார்கள், ஆள் வருவதில்லை. வாரண்டி கார்டில் கடை முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. கடையில் வாங்கியதாக எழுதிய மூன்று பேருக்கு மட்டும் கடைக்காரரே வாஷர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். நான் கடையில் வாங்கச் சொல்வது இதனால்தான்.

சின்னக் குறைகள்

பிளாஸ்டிக் மூடி விரிசல் விடுகிறது (ஆறு பேர்). சத்தம் அதிகம் என்று எட்டுப் பேர், சத்தமே இல்லை என்று ஐந்து பேர். மேடை சமமாக இல்லாவிட்டால் ஆட்டம் கொடுக்கும், அதனால்கூட இருக்கலாம். பெல்ட் நழுவுவதாக நாலு பேர். தேங்காய் துருவியை யாரும் பாராட்டவில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் கணக்கில் எடுக்காதவை

கூரியர் தாமதம், பெட்டி நசுங்கல், கல் ஓரம் உடைந்து வந்தது எல்லாம் அனுப்பியவர் செய்த தவறு. முதல் மாவு சாம்பல் நிறமாக வந்தது என்ற மூன்று பேரும் புதுக் கல்லைப் பழக்காமலே அரைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பழைய அரிசியைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கொட்டிவிட்டால் அது சரியாகிவிடும். நாலு விமர்சனம் "மேலும் படிக்க" என்ற இடத்தோடு வெட்டுப்பட்டிருக்கிறது. 12, 33-வது படங்களில் இருக்கும் அந்த நாலையும் முழுதாக எடுத்து அனுப்புங்கள், இரண்டில் மோட்டாரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். நடுவில் போடும் வாஷர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, முழு மெஷினுக்குமா? ரிப்பேர் என்றால் வீட்டுக்கு ஆள் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? அப்புறம், கார்டில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.