குத்துவிளக்குச் சரக்கு தாமதம்: திருத்தி அனுப்பிய நினைவூட்டல்கள்

தம்பி,

நாச்சியார்கோயில் பட்டறைக்கு அனுப்புவதற்காக நீங்கள் எழுதித் தந்த மூன்று செய்திகளையும், அவற்றுக்குப் பதிலாக நம் கடையின் பெயரில் நான் அனுப்பிய கடிதங்களையும் கோப்பில் இருக்கட்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன். உங்கள் கோபத்தைக் குறை சொல்வதற்கில்லை. சொன்ன தேதியில் சரக்கு கப்பல் ஏறவில்லை. ஆனால் முன்பணம் பட்டறைக்காரர் கையில் இருக்கிறது, தீபாவளிக்குள் இதே வேலைப்பாட்டோடு வேறொரு பட்டறையில் செய்து வாங்க நேரமும் இல்லை. ஆகவே அவர் பதில் எழுதத் தயங்காத விதத்திலும், அதேசமயம் நழுவ இடம் கொடுக்காத விதத்திலும் எழுத வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்ட் 14

நீங்கள் எழுதியது: "என்ன ஐயா, விளையாடுகிறீர்களா? பணம் வாங்கும்போது இருந்த வேகம் இப்போது எங்கே போயிற்று? போனைக்கூட எடுக்க மாட்டீர்களா?"

அனுப்பியது:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூன் 4ஆம் தேதி தங்களிடம் கொடுத்த ஆர்டரின்படி, இரண்டடிக் குத்துவிளக்கு 60 ஜோடி, மூன்றடிக் குத்துவிளக்கு 20 ஜோடி, காமாட்சி விளக்கு 300 ஆகியவை ஆகஸ்ட் 8ஆம் தேதிக்குள் பட்டறையிலிருந்து புறப்பட வேண்டும் என்று பேசி முடித்திருந்தோம். மொத்த விலை ரூ. 8,40,000இல் பாதியை முன்பணமாக அனுப்பியிருக்கிறோம். இன்றுவரை சரக்கு புறப்பட்டதாகத் தகவல் வராததால் இக்கடிதத்தை எழுதுகிறோம்.

எந்த வகையில் எத்தனை உருப்படிகள் முடிந்துள்ளன, மீதியில் எந்த வேலை பாக்கி, புறப்படும் தேதி எது என்ற மூன்று விவரங்களையும் திங்கட்கிழமை, 18ஆம் தேதிக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கொள்முதல் பொறுப்பாளர், சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் எந்த மனிதராலும் பதில் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். நான் கேட்டவற்றுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. மெருகு போடும் ஆள் ஊருக்குப் போய்விட்டார், அடுத்த வாரம் அனுப்பிவிடலாம் என்று அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அந்த அடுத்த வாரமும் கடந்தது.

ஆகஸ்ட் 25

நீங்கள் எழுதியது: "உங்களைப் போன்ற ஏமாற்றுக்காரரை நான் பார்த்ததில்லை. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் போலீசுக்குப் போவேன். தேக்காவில் ஒரு கடைகூட இனி உங்களிடம் வாங்காதபடி செய்துவிடுவேன்."

நாம் போலீசுக்குப் போகப்போவதில்லை, அது அவருக்கும் தெரியும். செய்ய முடியாததை எழுதினால் அடுத்து எழுதும் தேதிக்கும் மதிப்பிருக்காது. அனுப்பியது:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மெருகு வேலைக்கு ஆள் இல்லாத சிரமத்தைத் தங்கள் குரல்பதிவின் வழியே அறிந்துகொண்டோம். பண்டிகை நெருங்கும் காலத்தில் அனுபவமுள்ள ஆள் கிடைப்பது அரிது என்பது எங்களுக்கும் தெரியும். எனினும் ஒப்புக்கொண்ட தேதி கடந்து 17 நாள் ஆகிவிட்ட நிலையில், எங்கள் பக்கத்து நெருக்கடியைத் தங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வருகிறது. இங்குள்ள குடும்பங்கள் பூஜைப் பொருள்களைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. செப்டம்பர் பாதியிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். செப்டம்பர் 26ஆம் தேதிக்குள் விளக்குகள் கடையில் இருந்தால்தான் விற்க முடியும். நம் சரக்கு முழு கன்டெய்னர் அளவுக்கு இல்லாததால், மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து ஏறும்வரை துறைமுகக் கிடங்கில் காத்திருக்க வேண்டும். அதன்பின் கடல் பயணம், இங்கே சுங்க அனுமதி, வண்டி ஏற்பாடு ஆகியவையும் இருக்கின்றன. இவையனைத்தையும் கணக்கிட்டால், செப்டம்பர் 3ஆம் தேதிக்குள் சரக்கு பட்டறையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். நாளை மறுநாள் விநாயகர் சதுர்த்தி என்பதால் அன்று வேலை நடக்காது என்பதையும் கருத்தில் கொண்டே இத்தேதியைச் சொல்கிறோம்.

எல்லா வகைகளும் முடியும்வரை காத்திருக்காமல், முடிந்த இரண்டடி விளக்குகளையும் காமாட்சி விளக்குகளையும் முதல் தவணையாக அனுப்பிவிடலாம். இரண்டு தவணையாக அனுப்புவதால் கூடும் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். விலைப்பட்டியலையும் பெட்டிவாரிப் பட்டியலையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினால், எங்கள் முகவர் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுவார். இங்கே செலுத்த வேண்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரிக்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் தாமதம் இராது.

அவசரத்தில் தரம் குறைந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல விரும்புகிறோம். மாதிரியாக வந்த மூன்றடி விளக்கில், அகல் தட்டு தண்டோடு சேரும் மரை தளர்ந்திருந்ததால் எண்ணெய் ஊற்றியதும் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு விளக்கையும் பூட்டிப் பார்த்து, தட்டு ஆடாமல் நிற்கிறதா என்று சரிபார்த்த பின்னரே பெட்டியில் அடுக்குமாறு வேண்டுகிறோம்.

முதல் தவணை புறப்படும் தேதியை 27ஆம் தேதிக்கு மறுநாள் எழுத்துமூலம் உறுதிப்படுத்துங்கள்.

நன்றியுடன்,
கொள்முதல் பொறுப்பாளர்

இதற்குப் பலன் இருந்தது. இரண்டடியில் 45 ஜோடியும் காமாட்சி விளக்குகள் முழுவதும் செப்டம்பர் 2ஆம் தேதி கிளம்பின. மூன்றடி விளக்கைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

செப்டம்பர் 5

நீங்கள் எழுதியது: "பாதியை அனுப்பிவிட்டு மிச்சத்தை மறந்துவிட்டீர்களா? இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம்."

அனுப்பியது:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் தவணையைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே அனுப்பியதற்கு நன்றி. பெட்டிவாரிப் பட்டியல் சரியாக இருந்ததாக முகவர் தெரிவித்தார்.

இரண்டடியில் 15 ஜோடியும் மூன்றடியில் 20 ஜோடியும் இன்னும் வர வேண்டும். இவை புறப்படுவதற்கு வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 12ஆம் தேதியை இறுதி நாளாகக் கொள்கிறோம். அதற்குப் பிறகு கப்பலில் ஏறும் சரக்கு எங்களுக்கு உரிய காலத்தில் உதவாது. அன்றைக்குள் மூன்றடி விளக்குகள் புறப்படாவிட்டால், ரூ. 3,00,000 மதிப்புள்ள அந்தப் பகுதியை மட்டும் ஆர்டரிலிருந்து நீக்கிக்கொள்வோம். அவ்வாறு நேர்ந்தாலும் முன்பணத்தைத் தாங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டடியும் காமாட்சியும் முழுமையாக வந்தால் அவற்றின் விலை ரூ. 5,40,000, முன்பணம் ரூ. 4,20,000 போக மீதி ரூ. 1,20,000ஐச் சரக்கைச் சரிபார்த்த ஐந்து வேலை நாளில் வங்கி வழியே செலுத்திவிடுவோம்.

மூன்றடி விளக்குகளை விமானத்தில் அனுப்ப விரும்பினால் செப்டம்பர் 22ஆம் தேதிவரை ஏற்றுக்கொள்கிறோம். கப்பல் கட்டணத்துக்கு மேல் ஆகும் செலவு தங்களுடையதாக இருக்கும். இவற்றுள் எது தங்களுக்கு இயலும் என்பதைச் செவ்வாய்க்கிழமை, 9ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் 12ஆம் தேதி ஏற்பாட்டையே தாங்கள் ஏற்றதாகக் கொள்வோம்.

நன்றியுடன்,
கொள்முதல் பொறுப்பாளர்

தம்பி, 9ஆம் தேதிவரை வாட்ஸ்அப்பில் தனியாக எதுவும் அனுப்ப வேண்டாம். அவராக அழைத்தால் எடுத்துப் பேசுங்கள். பேசி முடித்ததை அன்றே இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி, எனக்கும் ஒரு நகல் போடுங்கள். மூன்றடி விளக்கு கேட்டு முன்பதிவு செய்தவர்களின் பட்டியலை இன்று மாலைக்குள் என் மேசையில் வைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.